எந்த வழி மாமா?



திருப்பூரில் மஃக்ரிப் தொழுகைக்குப் பின் நாம் நடத்தும் மக்தப் வகுப்பில், சென்ற ரமளானுக்கு முந்திய வாரம், திருக்குர்ஆனின் 4:23 வசனத்தைப் பாடமாக எடுத்தோம். எவரெவரை மணமுடிப்பது நிரந்தரமாக விலக்கப்பட்டுள்ளது என்பதை வரிசைப்படுத்தும் வசனம் அது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அதை வெறும் பட்டியலாக ஒப்பிக்கச் செய்வதில் பயனில்லை. ஆகவே ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, தத்தம் குடும்பத்தில் மஹ்ரமானவர்கள் யார் யார் என்று எழுதி வரச் சொன்னோம்.

மறுநாள் வந்த தாள்களைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வந்தது. சற்று நேரத்தில் அது கவலையாக மாறியது. ஒரு சிறுமி எழுதியிருந்தது இவ்வளவுதான்: அத்தா, அண்ணன், சாச்சா, மாமா, மாமா, மாமா, மாமா. நான்கு மாமாக்கள். நால்வரும் மஹ்ரம் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். நான்காவது மாமாவுக்கு எதிரே மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். அக்கேள்விக்குறியைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். முதலில் மாமா என்ற சொல்லைப் பார்ப்போம்.

அரபு மொழி உறவை வழியால் பிரிக்கிறது. தந்தையின் சகோதரர் 'அம்மு', தந்தையின் சகோதரி 'அம்மத்து', தாயின் சகோதரர் 'கால்', தாயின் சகோதரி 'காலத்து'. நான்கு பேருக்கு நான்கு சொற்கள். நால்வரும் இரத்த உறவினர். இவர்களைக் கைப்பிடித்தவர்கள் இச்சொற்களுக்குள் அடங்க மாட்டார்கள். அவர்களைக் குறிக்க 'காலின் மனைவி', 'அம்மத்தின் கணவர்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழின் கணக்கு வேறு. தமிழ் மணவழியைப் பார்க்கிறது. தாயின் சகோதரர் மாமா; தந்தையின் சகோதரியுடைய கணவரும் மாமா; பிற்காலத்தில் வரப்போகும் மாமனாரும் மாமாதான். பெண்பாலில் அத்தை என்ற சொல்லும் அப்படியே. தந்தையின் சகோதரி, தாய்மாமனின் மனைவி, மாமியார் என மூவரையும் அது தழுவிக்கொள்கிறது. இது மொழியின் அலட்சியம் அன்று. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இரு குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். நம் தந்தையின் தங்கையை நம் தாயின் தம்பிக்கே கட்டிக் கொடுத்திருந்தால், தாய்மாமனும் அத்தையின் கணவரும் ஒரே ஆள். அவருடைய மகனுக்கோ மகளுக்கோ நம்மை மணமுடித்தால் மாமனாரும் அவரே. மூன்று உறவும் ஒருவரிடத்தில் கூடக்கூடிய சமுதாயத்தில் மூன்றுக்கும் ஒரு சொல் போதும். 'எந்த வீட்டோடு நமக்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு' என்பதைச் சுட்டும் சொல் அது.

சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா என்பன அதன் மறுபாதி. நம் வீடுகளில் இவை சின்னத்தா, பெரியத்தா, சாச்சா, சாச்சி என்று ஊருக்கு ஊர் உருமாறி வழங்குகின்றன. தந்தையின் தம்பியும் சாச்சா, தாயின் தங்கையை மணந்தவரும் சாச்சா. அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை. அங்கே கொள்வினை கொடுப்பினை இல்லை.

மார்க்கம் பிரித்துக் காட்டுவதும் தமிழ் சேர்த்துக் காட்டுவதும் குறுக்கிடும் இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகின்றனர். அச்சிறுமியின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: "எந்த வழி மாமா?"

முதல் மாமா அவளுடைய தாயின் உடன்பிறந்த தம்பி. சகோதரியின் மகளை மணப்பது 4:23 வசனத்தில் விலக்கப்பட்டிருப்பதால் அவர் மஹ்ரம். அவளுக்குத் தந்தையைப் போன்றவர். இவ்விடத்தில் ஒரு சிறு விஷயம். பள்ளிக்கூடத்தில் அவளுடைய தோழிகள் சிலர் 'தாய்மாமனைக் கட்டிக்கொள்வாயா' என்று கேட்டுக் கேலி செய்வார்களாம். அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது தமிழ்நாட்டின் பல சமூகங்களில் வழக்கமாக இருந்து வந்துள்ளதால் அவர்களுக்கு அது இயல்பான கேள்வி. நமக்கு அது நினைத்தும் பார்க்கக் கூடாத ஒன்று. சொல் ஒன்றே, அதற்குப் பின்னால் இருக்கும் வேலி வேறு வேறு.

இரண்டாம் மாமா, அத்தையின் கணவர். இவர் மஹ்ரம் அல்லர். அத்தை அவருடைய மண உறவில் இருக்கும் வரை அத்தையின் சகோதரர் மகளை அவர் சேர்த்து மணக்க முடியாது. அதை நபிமொழி தடுக்கிறது. ஆனால் அது தற்காலிகத் தடை. தற்காலிகத் தடை ஒருவரை மஹ்ரமாக்காது. இதைச் சொன்னபோது வகுப்பிலிருந்த பிள்ளைகள் நம்பவேயில்லை. "அத்தை வீட்டிலதானுங்க ஹஜ்ரத் லீவுக்கெல்லாம் தங்குறோம்" என்றாள் ஒருத்தி. தங்கலாம், அத்தையும் வீட்டில் இருக்க, பருவமடைந்த பின் ஆடையிலும் தனித்திருப்பதிலும் பேண வேண்டியதைப் பேணி, என்று விளக்கினோம்.

மூன்றாம் மாமா, அவளுடைய அக்காளின் கணவர். கடலோர ஊர்களிலும் தெற்கிலும் மச்சான் என்பார்கள். அவள் வீட்டில் மாமா என்று பழக்கியிருக்கிறார்கள். அவரும் மஹ்ரம் அல்லர். இரு சகோதரிகளை ஒருசேர மணப்பதுதான் விலக்கப்பட்டது; அதுவும் தற்காலிகத் தடையே.

ஆக மூவரில் ஒருவர் மட்டுமே தேறினார். இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அதே தாளில் 'அண்ணன்' என்று அவள் எழுதியிருந்தது உடன்பிறந்தவனை அன்று. ஒரே வீட்டு மாடியில் வசிக்கும் பெரியத்தாவின் மகனை. அவளுக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளையே இல்லை. தமிழில் அவன் அண்ணன். அப்படி அழைப்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மார்க்கச் சட்டத்தில் பெரியத்தா மகனும் மாமா மகனும் ஒரே நிலையில் நிற்பவர்கள். 33:50 வசனத்தில் தந்தையின் சகோதரர், சகோதரி, தாயின் சகோதரர், சகோதரி ஆகிய நால்வரின் புதல்வியரும் மணமுடிக்க அனுமதிக்கப்பட்டவர்களாக ஒரே வரிசையில் எண்ணப்படுகின்றனர். நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலோர் பெரியத்தா, சின்னத்தா மக்களை உடன்பிறந்தாராகக் கருதி மணமுடிப்பதைத் தவிர்க்கிறோம். தவிர்ப்பது அவரவர் விருப்பம். விலக்கப்பட்டது என்று சொல்வதற்கு மட்டும் நமக்கு உரிமை இல்லை. அவ்வாறே, அண்ணன் என்று அழைக்கும் காரணத்தால் அவனோடு தனியே வெளியூர் அனுப்புவதற்கும் இடமில்லை.

இனி நான்காம் மாமா. கேள்விக்குறிக்கு உரியவர்.

அவர் உறவினரே அல்லர். அச்சிறுமியின் வீட்டுக் கீழ்த்தளத்தில் அவளுடைய தந்தை பவர் டேபிள் நடத்துகிறார். வெட்டிய துணிகளைக் கட்டுக் கட்டாக வாங்கி, ஓவர்லாக்கும் பேட்லாக்கும் அடித்து, டசன் கணக்கில் கூலி பெற்றுத் திருப்பிக் கொடுக்கும் தொழில். அவருக்குப் பீஸ் கொண்டுவந்து தருபவர்தான் இந்த நான்காமவர். நம் சமுதாயத்தவர்தான், வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவர். அவரை அச்சிறுமி மாமா என்று அழைத்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய தாய் திருமணத்திற்கு முன் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனபோது அவரும் அங்கே இருந்தார். கம்பெனி வழக்கப்படி அண்ணா என்று அழைத்தார். தாய்க்கு அண்ணன் என்றால் பிள்ளைக்கு மாமா. அதே கணக்கில் தந்தை அவரை மச்சான் என்றார். அவருடைய மனைவி அத்தையானார்.

அறிமுகமில்லாதவருக்கு உறவுமுறை வழங்கும் தமிழ்க் கணக்கு எப்போதும் இதுதான். பிள்ளைகள் தாமாக முறை வைப்பதில்லை. பெற்றோர் அழைக்கும் சொல்லிலிருந்து அது பிறக்கிறது. தந்தை 'அண்ணன்' என்பவர் பிள்ளைக்குப் பெரியத்தா, 'தம்பி' என்பவர் சாச்சா. தாய் 'அக்கா' என்பவர் பெரியம்மா. சிக்கல் எழுவது தாயும் தந்தையும் ஒருவரையே 'அண்ணன்' என்று அழைக்கும்போது. அவர் பிள்ளைக்குப் பெரியத்தாவா, மாமாவா? பனியன் கம்பெனியில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் இவ்வூரில் இது நாள்தோறும் நிகழ்வது. அப்படிப்பட்ட இடத்தில்தான் 'அங்கிள்' நுழைந்தது என்பது நம் எண்ணம். ஆங்கில மோகம் மட்டும் காரணம் அன்று. எந்தப் பக்கம் என்று சொல்லாமல் தப்பிக்க அச்சொல் உதவுகிறது. மேலும், முன்பின் தெரியாதவரைத் தெருவில் மாமா என்று கூப்பிட யாரும் துணிவதில்லை. மணவழியைக் குறிக்கும் சொல் என்பது ஒரு காரணம். அச்சொல்லின் மேல் பேச்சுவழக்கில் படிந்துவிட்ட இழிபொருள் மற்றொன்று. ஆகவே தெருவில் அண்ணா, ஐயா, அக்கா, அம்மா. வீட்டுக்கு வந்து தேநீர் அருந்தத் தொடங்கிய பின்னரே மாமா.

(நம்மைப் பொறுத்தவரை தெருவில் வேறொரு விந்தை உண்டு. காதர்பேட்டைக் கடைவீதியில் இருபது வயது இளைஞனும் பாய், எழுபது வயது முதியவரும் பாய். உருதுவில் சகோதரன் என்று பொருள்படும் சொல் அது. தமிழில் அது உறவைக் குறிக்காமல் ஆளின் சமயத்தைக் குறிப்பதாகிவிட்டது. வட மாநிலத் தொழிலாளர் பையா என்று விளிக்கும்போது மட்டும் பழைய பொருள் சிறிது திரும்பி வருகிறது.)

அந்நியரை உறவுச் சொல்லால் அழைப்பது மார்க்கத்தில் தடையா என்று சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. இல்லை. பத்ருப் போர்க்களத்தில் அன்ஸாரி இளைஞர் இருவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் அபூஜஹ்லைப் பற்றி விசாரித்தபோது, அவரைத் தந்தையின் சகோதரர் என்ற சொல்லால்தான் விளித்தனர். அவர் மக்காவாசி, இவர்கள் மதீனாவாசிகள். இரத்த உறவு இல்லை. நபி (ஸல்) அவர்களும் அனஸ் (ரலி) அவர்களை அருமை மகனே என்று அழைத்திருக்கிறார்கள்.

ஆனால் அன்பால் அழைப்பதும் உரிமையால் அழைப்பதும் வேறு என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. வகுப்பில் அதை விரிவாகவே சொன்னோம். ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு உம்ராவை நிறைவேற்றிவிட்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து புறப்பட்டபோது, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறுமகள் பின்னாலேயே ஓடி வந்தாள். 'அம்மு' என்று இருமுறை கூவினாள். கணக்குப் பார்த்தால் ஹம்ஸா (ரலி) நபியவர்களின் தந்தைக்குச் சகோதரர். எனவே அவருடைய மகள் நபியவர்களுக்குத் தங்கை முறை. பின் எவ்வாறு அம்மு என்றாள்? ஹம்ஸாவும் நபியவர்களும் ஸுவைபா என்ற ஒரே பெண்ணிடம் பால் அருந்தியவர்கள். பால்வழியில் ஹம்ஸா சகோதரர். ஆகவே அவர் மகளுக்கு நபியவர்கள் தந்தையின் சகோதரர். பின்னாளில் அவளை மணமுடிக்கலாமே என்று நபியவர்களிடம் கூறப்பட்டபோது, பால்குடிச் சகோதரரின் மகள் என்று சொல்லி மறுத்தார்கள். அங்கே அச்சொல்லுக்குப் பின்னால் உண்மையான ஒரு வழி இருந்தது.

அதே சிறுமியை வளர்க்கும் உரிமை யாருக்கு என்று மூவர் முன்வந்தனர். அலீ (ரலி) தம் சிறிய தந்தையின் மகள் என்றார்கள். ஸைத் (ரலி), தமக்கும் ஹம்ஸாவுக்கும் நபியவர்கள் ஏற்படுத்திய சகோதரத்துவத்தைக் கொண்டு, சகோதரரின் மகள் என்றார்கள். ஜஅஃபர் (ரலி) தம் மனைவி அச்சிறுமியின் தாயோடு பிறந்தவர் என்றார்கள். நபியவர்கள் ஜஅஃபரின் வீட்டுக்கே கொடுத்தார்கள். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்று தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பை வழியைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, மூவரையும் பாராட்டினார்கள்.

இதைச் சொல்லி முடித்தபோது அச்சிறுமி மெல்லக் கேட்டாள்: "அப்படின்னா நாலாவது மாமா மஹ்ரம் இல்லைங்களா ஹஜ்ரத்? அவரு கன்னத்தைப் புடிச்சுக் கிள்ளக் கூடாதுதானுங்களே?"

வகுப்பு அமைதியாயிற்று. நமக்கு உடனே நினைவுக்கு வந்தது வேறொன்று. அதற்கு இரண்டு மாதம் முன் ஒரு வலீமா விருந்தில், அதே மனிதர் கூப்பிட்டபோது இப்பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்தாள். "மாமாவுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதா? போய் ஸலாம் சொல்லிக் கை கொடு" என்று அவளைக் கடிந்துகொண்டவர் நாமேதான். மஹ்ரம் பாடம் நடத்துகிற நாம், மாமா என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் எந்த வழி என்று கேட்க மறந்துவிட்டோம். அதை வகுப்பிலேயே பிள்ளைகளின் முன்னிலையில் சொல்லி, அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். பிறகு வகுப்பு கலைந்ததும் நம் இல்லத்தாரை அவளோடு தனியே பேசச் செய்தோம். கிள்ளுவதும் அருகே இழுத்து அமர்த்துவதும்தான். அதற்கு மேல் இல்லை என்று தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அவளுக்குப் பிடிக்காமல் நெடுநாளாக நடந்து வந்திருக்கிறது. தாயிடம் ஒருமுறை சொன்னதற்கு, "மாமாதானே" என்ற பதில் கிடைத்திருக்கிறது.

இருவரும் அவ்வீட்டுக்குப் போனோம். தாய் முதலில் கோபப்பட்டார்: "பின்ன என்னங்க, பேரைச் சொல்லியா கூப்பிடச் சொல்றீங்க?" பெயர் சொல்ல வேண்டாம், மாமா என்றே அழைக்கட்டும், கையைத் தொடாமல் தூரத்தில் நின்று ஸலாம் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு என்று மட்டும் சொன்னோம். தந்தை நீண்ட நேரம் தையல் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தயக்கம் நமக்குப் புரிந்தது. ஆறு இயந்திரங்கள் ஓடுவது அம்மனிதர் தரும் பீஸை நம்பி. இறுதியில், "நானே சொல்லிக்கறேனுங்க" என்றார்.

சொல்லியும் விட்டார். அம்மனிதர் மகள் போல நினைத்தேனே என்று மனம் நொந்தாராம். மூன்று வாரங்கள் பீஸ் வரவில்லை. பின்னர் வந்தது, முன்பைவிடக் குறைவாக. இப்போது அவர் மாடிக்கு ஏறுவதில்லை. கீழேயே நின்று கணக்கு முடித்துச் செல்கிறார். அவர் மனத்தில் கெடுதல் இருந்ததா என்பதை அல்லாஹ்வே அறிவான். நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

அதற்குப் பின் தாளின் வடிவத்தை மாற்றினோம். இப்போது மூன்று பத்திகள்: அழைக்கும் சொல், வழி, முழுப்பெயர். கொங்கு நாட்டுப் பெரியவர்கள் புதியவரைக் கண்டால் 'என்ன முறை வேணும்' என்று கேட்டுத் தெளிந்த பிறகே அழைக்கத் தொடங்குவார்கள். இரண்டாம் பத்தி அதைத்தான் கேட்கிறது. தாயின் தங்கையான சாச்சியும் சாச்சாவின் மனைவியான சாச்சியும் அங்கே தனித்தனிக் கோட்டில் வந்துவிடுகின்றனர். ஆண்பிள்ளைகளுக்கு முன்னவர் மஹ்ரம், பின்னவர் அல்லர்.

மூன்றாம் பத்தியைத்தான் பிள்ளைகளால் நிரப்ப முடியவில்லை. பலர் தம் அத்தையின் பெயரைக் கூட அறிந்திருக்கவில்லை. கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளையிடம் யாரோடு வந்தாய் என்று கேட்டால், 'மாமாவோடு' என்பது யாருக்கு என்ன உதவும்? வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னோம். சிலர் குடும்ப அட்டையைப் பார்த்து எழுதினர்.

பிள்ளைகளைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. நம் அத்தையின் கணவர் வஃபாத்தானபோது நமக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியில் மௌத் அறிவிப்புச் செய்ய விவரம் எழுதித் தருமாறு மோதினார் கேட்டார். இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் மச்சானுமாகிய இன்னார் என்று வரும் அறிவிப்பு அது. உறவுகளையெல்லாம் விரைந்து எழுதிவிட்டோம். அவருடைய பெயருக்கான இடத்தில் பேனா நின்றுவிட்டது. முப்பது ஆண்டுகளாக அவர் நமக்கு மாமா. ஊருக்கு ஓவர்லாக் பாய். உள்ளே சென்று அழுதுகொண்டிருந்த அத்தையிடம் கேட்டோம். கணவர் பெயரை வாயால் சொல்லிப் பழகாத அவர், தலையணைக்கு அடியிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.